நாற்பதாயிரம் முகவரி, எத்தனை கார்டு? கெயின்ஸ் சார்ட்டை வைத்து ஒரு ஜவுளிக்கடை முடிவு

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பில் போடும்போது வாங்கி வைத்த முகவரிகள் 40,000 சேர்ந்திருக்கின்றன. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர், கொஞ்சம் எண்ணூர், மணலி. தீபாவளிக்கு முன் தபாலில் ஒரு தள்ளுபடிக் கார்டு அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்புவது என்பதுதான் கேள்வி. கடையும் கீழே வரும் எண்களும் கணக்குக்காக நான் போட்டவை. கணக்கின் போக்கு எந்தக் கடைக்கும் பொருந்தும்.

கார்டு அச்சடித்து, முகவரி ஒட்டி, தபால்தலையும் சேர்த்து ஒன்றுக்கு 14 ரூபாய் ஆகிறது. கார்டோடு வந்து வாங்குகிறவரிடம், தள்ளுபடி போக, கடைக்கு நிற்பது சராசரியாக 350 ரூபாய். 14-ஐ 350-ஆல் வகுத்தால் 4 சதவீதம். அதாவது நூறு கார்டுக்கு நாலு பேராவது வந்தால்தான் கை கடிக்காது. கட்டுரை முழுக்க இந்த 4-ஐ மறக்க வேண்டாம்.

ஆடித் தள்ளுபடிக்கு இதே கடை 10,000 முகவரிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து ஒரு சோதனை செய்தது. 300 பேர் வந்தார்கள், 3 சதவீதம். தேவை 4, வந்தது 3. "எல்லாருக்கும் அனுப்பிடு, வர்றவங்க வரட்டும்" என்று முதலாளி சொன்னால், 40,000 கார்டுக்கு 5,60,000 ரூபாய் செலவு, 1,200 பேர் மூலம் வரவு 4,20,000. நட்டம் 1,40,000. பாதிப் பேருக்கு மட்டும் குலுக்கிப் போட்டு அனுப்பினால் நட்டமும் பாதியாகும், அவ்வளவுதான். குலுக்கலில் கார்டு எண்ணிக்கையைக் குறைத்து லாபத்துக்கு வர வழியே கிடையாது, ஏனென்றால் ஒவ்வொரு கார்டும் அதே 3 சதவீதத்தைத்தான் கொண்டுவரும்.

மிச்சம் இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, கடைசியாக வாங்கிய தேதியின்படி வாடிக்கையாளரை வரிசைப்படுத்தி, அண்மையில் வந்தவர்களுக்கு மட்டும் அனுப்புவது. இதற்குக் கணினி அறிவே தேவையில்லை, பில்லிங் மென்பொருளில் ஒரு வரிசைப்படுத்தல் போதும். இன்னொன்று, மாடல் போடுவது: கடைசித் தேதி, வருடத்தில் எத்தனை பில், எவ்வளவு தொகை, எந்தப் பின்கோடு, சேலையா ரெடிமேடா என்பதையெல்லாம் வைத்து லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போன்ற ஒன்றால் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு ஸ்கோர் கொடுத்து, பெரிய ஸ்கோரிலிருந்து கீழே வருவது. இந்த இரண்டும் குலுக்கலை எவ்வளவு முந்துகின்றன என்பதைச் சொல்வதுதான் கெயின்ஸ் சார்ட்.

அதை வரைய ஆடிச் சோதனையின் 10,000 பேரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். 6,000 பேரை வைத்து மாடல் போடுவது, 4,000 பேரை மாடல் கண்ணிலேயே காட்டாமல் ஒதுக்கி வைப்பது. அந்த 4,000 பேரில் 120 பேர் வந்தவர்கள். அவர்களை ஸ்கோர்படி மேலிருந்து கீழாக அடுக்கி, 400 பேர் கொண்ட பத்துக் கட்டுகளாக வெட்டி, ஒவ்வொரு கட்டிலும் வந்தவர் எத்தனை என்று எண்ணிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எக்செலில் C நிரலில் கட்டுவாரியான எண்ணிக்கை இருந்தால் இது போதும்:

```
=SUM(C$2:C2)/SUM(C$2:C$11)
```

கிடைமட்ட அச்சில் பட்டியலில் எத்தனை சதவீதம் பேருக்கு அனுப்பினோம், செங்குத்து அச்சில் வரக்கூடியவர்களில் எத்தனை சதவீதம் பேரைப் பிடித்தோம். குலுக்கல் என்பது இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்குப் போகும் நேர்க்கோடு: 20 சதவீதம் பேருக்கு அனுப்பினால் 20 சதவீதம் பேர் கிடைப்பார்கள். நம் கடைக்கு வந்த எண்கள் இவை. எல்லாம் அந்த 120 பேரில் எத்தனை பேர் என்ற கூட்டுத்தொகை:

| பட்டியலின் மேல் பகுதி | குலுக்கல் | கடைசித் தேதி வரிசை | மாடல் |
|---|---|---|---|
| 10% | 12 | 30 | 36 |
| 20% | 24 | 52 | 60 |
| 30% | 36 | 67 | 77 |
| 40% | 48 | 80 | 90 |
| 50% | 60 | 91 | 99 |
| 100% | 120 | 120 | 120 |

மாடல் வரிசையில் 20 சதவீதத்தில் 60 பேர், அதாவது வரக்கூடியவர்களில் பாதி. குலுக்கலில் 24. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் 2.5, இதைத்தான் லிஃப்ட் என்கிறார்கள். மாடல் விற்க வருபவர் பெரும்பாலும் முதல் கட்டின் லிஃப்டைத்தான் காட்டுவார், நம் கணக்கில் அது 3. எண் உண்மைதான். ஆனால் எத்தனை கார்டு அச்சடிப்பது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அடுத்து எல்லாரும் பார்ப்பது வளைவுக்கும் நேர்க்கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஆள் எண்ணிக்கையை 120-க்குச் சதவீதமாக்கிப் பார்த்தால், மாடலுக்கு அது 10 சதவீதத்தில் 20 புள்ளி, 20-இல் 30, 30-இல் 34, 40-இல் 35, அப்புறம் குறைகிறது. அதிக இடைவெளி 40 சதவீதத்தில், எனவே அங்கே வெட்டலாம் என்று தோன்றும். பல இடங்களில் அப்படித்தான் வெட்டுகிறார்கள். நம் கடைக்கு அது தப்பு.

இடைவெளியைப் பார்க்கும்போது இதுவரை அனுப்பியதை மொத்தமாக எடைபோடுகிறோம். முடிவு எடுக்க வேண்டியதோ அடுத்த கட்டைப் பற்றி. 30-இலிருந்து 40-க்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பவர்கள் 90-இல் 77 போக 13 பேர். 400 பேருக்கு 13 என்றால் 3.25 சதவீதம். குலுக்கலின் 3 சதவீதத்தைவிட அது கூடுதல் என்பதால் இடைவெளி இன்னும் வளர்கிறது. ஆனால் கார்டுச் செலவு ஈடாக 4 வேண்டும். ஆகவே அந்த நாலாவது கட்டு குலுக்கலை வெல்கிறது, கூடவே காசையும் தின்கிறது. முழுப் பட்டியலில் அந்தக் கட்டின் 4,000 கார்டுக்கு 56,000 செலவழித்து 130 பேரிடம் 45,500 எடுப்போம்.

இதையே வளைவின் சரிவாகப் பார்க்கலாம். ஈடாகும் 4 சதவீதத்தை சராசரி 3 சதவீதத்தால் வகுத்தால் 1.33. வளைவு எந்த இடம் வரைக்கும் நேர்க்கோட்டைப்போல் 1.33 மடங்கு செங்குத்தாக ஏறுகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். கட்டுவாரியாகச் சரிவு 3, 2, 1.42, 1.08 என்று இறங்குகிறது. மூன்றாவது கட்டுக்குப் பிறகு 1.33-க்குக் கீழே போய்விடுகிறது. இடைவெளி அதிகமாக இருக்கும் இடம் சரியான வெட்டாவது, ஈடாகும் சதவீதமும் சராசரியும் ஒன்றாக இருக்கும்போது மட்டும்தான். தீபாவளி ஆடியைவிட சூடாக இருந்து சராசரி 4.5 ஆகிவிட்டால் தேவையான சரிவு 0.89; அதே வளைவில் நாலாவது கட்டும் லாபத்துக்குள் வந்துவிடும். சார்ட்டில் இந்தச் சராசரி எங்கேயும் தெரியாது. நூற்றுக்கு ஒருவர் வரும் கடைக்கும் நூற்றுக்கு ஐந்து பேர் வரும் கடைக்கும் அச்சு அசலாக ஒரே வளைவு வரலாம். ஒன்றில் முழு நட்டம், இன்னொன்றில் நல்ல லாபம். யாராவது வளைவை மட்டும் காட்டினால் முதலில் கேட்க வேண்டியது சராசரி எவ்வளவு என்பதைத்தான்.

சரி, முழுப் பட்டியலுக்கு ரூபாயில் என்ன வருகிறது? மாடல்படி முதல் கட்டு 70,000 லாபம், இரண்டாவது 28,000, மூன்றாவது 3,500, நாலாவதில் 10,500 நட்டம். ஆக 30 சதவீதத்தில் 1,01,500 என்பதுதான் உச்சம். அதே 12,000 கார்டைக் குலுக்கிப் போட்டு அனுப்பினால் 42,000 நட்டம். தேதி வரிசையில் முதல் கட்டு 49,000, இரண்டாவது 21,000, மூன்றாவது 3,500 நட்டம். எனவே 20 சதவீதத்தில் 70,000-தான் அதன் உச்சம்.

மூன்றாவது கட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மாடலில் அது 17 பேர், தேவை 16. ஒதுக்கி வைத்த வேறு 4,000 பேர் கிடைத்திருந்தால் இந்த 17 சுலபமாக 13 ஆகவோ 21 ஆகவோ இருந்திருக்கும். இப்படிப்பட்ட சின்ன எண்ணிக்கையின் இயல்பான ஆட்டம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு, இங்கே சுமார் 4. 56,000 ரூபாய் போட்டு 3,500 எடுக்கப் போகிறோம், அதுவும் வருமா என்று தெரியாது. நான் 20 சதவீதத்திலேயே நிறுத்துவேன். சார்ட்டை வழவழப்பான வளைவாக வரைந்து காட்டும்போது இந்த ஆட்டம் கண்ணுக்கே தெரியாமல் போகிறது. பத்துப் புள்ளிகளையும் தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் எண்ணிக்கையை எழுதச் சொன்னால் தெரிந்துவிடும்.

மாடலா, தேதி வரிசையா என்ற கேள்விக்கும் இதே சங்கடம் உண்டு. 20 சதவீதத்தில் 60-க்கு 52, வித்தியாசம் எட்டுப் பேர். இரண்டு வரிசைகளும் பெரும்பாலும் அதே ஆட்களைத்தான் மேலே தூக்கும். எனவே பார்க்க வேண்டியது ஒன்று பிடித்து மற்றது விட்டவர்களை. மாடல் மட்டும் பிடித்தவர் 18, தேதி மட்டும் பிடித்தவர் 10 என்று வந்தால், 28 பேரில் 18-க்கு 10 என்பது நாணயம் சுண்டினாலே அவ்வப்போது விழக்கூடியதுதான். மாடல் தேவலை என்று சாயலாம், அடித்துச் சொல்ல முடியாது. அந்த எட்டுப் பேர் முழுப் பட்டியலில் 80 பேர், ரூபாயில் 28,000. மாடல் போட்டுக் கொடுக்க வெளியாள் 25,000 கேட்டால், ஒரே ஒரு தீபாவளிக்கு அது வேண்டாம். தேதி வரிசையே போதும். பொங்கல், ஆடி, தீபாவளி என்று வருடத்துக்கு மூன்று தடவை கார்டு போடுகிற கடை என்றால், ஒரு தடவைக் கூலி மூன்றில் பரவும், அப்போது மாடல் பக்கம் போகலாம்.

வெளியாளைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் காட்டும் வளைவு எந்த ஆட்களை வைத்து வரைந்தது என்று கேளுங்கள். மாடல் போட்ட அதே 6,000 பேரை வைத்து வரைந்தால் வளைவு எப்போதும் அழகாகத்தான் இருக்கும், படித்த கேள்வித்தாளிலேயே தேர்வு வைத்த மாதிரி. இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் போடச் சொல்லுங்கள். மாடல் போட்டவர்களில் முதல் கட்டு 45 சதவீதத்தைப் பிடித்து, ஒதுக்கியவர்களில் 30-தான் பிடித்தது என்றால், மாடல் மனப்பாடம் செய்திருக்கிறது. நம்ப வேண்டியது 30-ஐ.

அதைவிட ஆபத்தானது, ஒதுக்கி வைத்தவர்களிலும் வளைவு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருப்பது. முதல் கட்டிலேயே 90 சதவீதம் பேர் வந்துவிட்டார்கள் என்றால் சந்தோஷப்படாமல் பில்லிங் ஆளைக் கூப்பிட வேண்டும். கார்டு கொண்டு வந்தவரிடம் கல்லாவில் செல்போன் எண்ணைச் சரிபார்த்து, 'முகவரி உறுதி' என்ற கட்டத்தில் டிக் போடும் வழக்கம் இருக்கலாம். அந்த டிக்கை மாடலுக்குள் விட்டால், வந்தவர்களை வந்ததை வைத்தே கண்டுபிடித்துக் கொடுக்கும். அடுத்த தீபாவளிக்குக் கார்டு அனுப்பும் நாளில் அந்த டிக் இருக்காது, வளைவும் நேர்க்கோட்டைப் பார்த்துச் சரிந்துவிடும். மாடலுக்குள் போகும் ஒவ்வொரு தகவலும் கார்டைத் தபாலில் சேர்க்கும் முன்பே கையில் இருந்ததுதானா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

வடசென்னைக்கே உரிய இரண்டு விஷயங்கள் வளைவில் ஒளிந்திருக்கும். ஒன்று முகவரி. பழைய எண், புதிய எண் குழப்பமும், வாடகை வீடு மாறுவதும் சேர்ந்து பல கார்டுகள் ஆளிடம் போய்ச் சேருவதே இல்லை. வளைவின் தட்டையான கடைசிப் பகுதியில் ஆர்வமில்லாதவர்கள் மட்டும் இல்லை, கார்டே கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். ஆடியில் திரும்பி வந்த கார்டுகளை எண்ணி அந்த முகவரிகளை முதலிலேயே நீக்கிவிட்டால் சராசரி கொஞ்சம் ஏறும், மாடலுக்கும் தேதி வரிசைக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் குறையலாம். திரும்பி வந்த கார்டுகளைப் பழைய பேப்பரோடு போடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, போக்குவரத்து. மெட்ரோ வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் நீண்டது. அதற்கு முந்தைய பில்களை வைத்துப் பின்கோடுக்கு மதிப்பெண் கொடுத்தால், திருவொற்றியூர் 600019 தள்ளிப் போன ஊர் மாதிரியே கீழே கிடக்கலாம். பழைய மாடலின் சார்ட்டையும் புது ஆட்களை வைத்துத்தான் மறுபடி வரைய வேண்டும்.

இனி வருவதுதான் எனக்கு இந்தச் சார்ட்டின் மேல் உள்ள பெரிய மனத்தாங்கல். அது எண்ணுவது வந்தவர்களை. கார்டினால் வந்தவர்களை அல்ல. தேதி வரிசையின் உச்சியில் இருப்பவர் யார்? போன மாதம் வந்தவர். தீபாவளிக்கு எம்.சி. ரோடு போவது என்று ஏற்கெனவே முடிவு செய்திருப்பவர். அவருக்குக் கார்டு அனுப்பினால் அவர் அதைக் கொண்டுவருவார், வளைவு உயரும், கடை தள்ளுபடியையும் கொடுக்கும். மாடலும் இதையேதான் செய்யும், இன்னும் சாமர்த்தியமாக.

இதை அளக்க ஒரே வழி, மேல் கட்டுகளில் கொஞ்சம் பேரைக் குலுக்கி எடுத்து அவர்களுக்குக் கார்டு அனுப்பாமல் இருப்பது. முதல் கட்டின் 4,000 பேரில் 600, இரண்டாவதில் 600 என்று வைக்கலாம். அப்புறம் இரண்டு பக்கமும் யார் வாங்கினார்கள் என்பதைக் கார்டை வைத்து எண்ணாமல், பில்லில் உள்ள செல்போன் எண்ணை வைத்து எண்ண வேண்டும். கார்டு போனவர்களில் 9 சதவீதம், போகாதவர்களில் 3.5 சதவீதம் வாங்கியிருந்தால், முதல் கட்டில் கார்டு செய்த வேலை 5.5. அது 4-ஐத் தாண்டுகிறது, அனுப்பலாம். ஆனால் லாபம் நாம் நினைத்த 70,000 இல்லை, 21,000 அளவில்தான். இரண்டாவது கட்டில் 6-க்கு எதிராக 2.5 வந்தால், கார்டின் பங்கு 3.5. நல்ல கட்டு என்று சார்ட் சொன்னது நட்டக் கட்டாகிவிடும்.

இந்தச் சோதனை செய்யாத கடையில் கெயின்ஸ் சார்ட் குலுக்கலைவிட 2.5 மடங்கு என்று சொன்னால், அதை உச்சவரம்பாக எடுத்துக்கொள்வது நல்லது. 600 பேர் வைத்தால் 3.5 சதவீதம் என்பது 21 பேர்; அதிலும் ஆட்டம் உண்டு, ஆனால் எதுவும் தெரியாமல் இருப்பதைவிடத் தேவலை. கார்டு அனுப்பாத 600 பேருக்கு அச்சுச் செலவும் இல்லை. முதலாளிகள் இதற்குச் சம்மதிப்பது கஷ்டம், "வர்ற ஆளுக்கு கார்டு போடாம விடுறதா?" என்பார்கள். அந்த ஆள் எப்படியும் வருவார் என்பதுதானே அவர்கள் சொல்வதும்.

ஆக இந்தக் கடைக்கு என் பரிந்துரை: எல்லாருக்கும் அனுப்புவது, குலுக்கிப் போட்டு அனுப்புவது இரண்டும் வேண்டாம். இந்தத் தீபாவளிக்கு மட்டும் என்றால் தேதி வரிசையில் மேல் 20 சதவீதம், வருடம் மூன்று தடவை என்றால் மாடலில் மேல் 20 சதவீதம். இரண்டிலும் கட்டுக்கு 600 பேரைக் கார்டில்லாமல் ஒதுக்க வேண்டும்.

அதோடு, கீழே மிஞ்சும் 32,000 பேரிலிருந்து 1,500 பேரைக் குலுக்கி எடுத்து அவர்களுக்கும் கார்டு அனுப்ப வேண்டும். மாடல் கணக்கின்படி அந்தப் பகுதியில் 1.9 சதவீதம் போல வருவார்கள்: 21,000 செலவு, 28 பேர், 9,800 வரவு, கையிலிருந்து 11,200 போகும். இதைச் சேமிக்க நினைத்து மேல் 20 சதவீதத்துக்கு மட்டும் அனுப்பினால், அடுத்த ஆடிக்கு வளைவின் மீதி 80 சதவீதத்தை வரைய ஆளே இருக்காது, மாடல் பழசாகிவிட்டதா என்று பார்க்கவும் வழியிருக்காது. வரையும்போது இந்த 1,500 பேரில் ஒவ்வொருவரையும் சுமார் 21 பேராக எண்ணிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கீழ்ப்பகுதி இருப்பதைவிட மெலிந்து தெரியும்.